41 டிகிரி வெப்ப அலை இல்லையாம், 37.6 வெப்ப அலையாம்: இது என்ன கணக்கு?

தெம்பனிஸ்வாசி — மே 6, இரவு 10.12

என் அக்கா சென்னையில் இருக்கிறாள். இன்று அங்கே 41 டிகிரியாம். மொட்டை மாடியில் வடாம் பிழிந்து வைத்துவிட்டு இறங்கினாளாம், ஒரு மணி நேரத்தில் மேல்பக்கம் காய்ந்து உரிந்துவிட்டதாம். ஆனால் செய்தியில் "வெப்ப அலை இல்லை" என்று சொல்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில், தெம்பனிஸில் 35ஐத் தொட்டாலே புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் "வெப்ப அலை வருகிறது" என்கிறார்கள். 41 இல்லை, 35 உண்டு என்றால் இதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? என் கருத்து, அரசியல்.

மழைமானி — மே 6, இரவு 11.03

அரசியல் இல்லை, கழித்தல் கணக்கு. ஊரில் ஒரு கடலோர வானிலைக் கூடத்தில் பல வருடம் வெப்பமானி வாசித்தவன் நான். இப்போது மகள் வீட்டில் பிடோக்கில் இருக்கிறேன்.

இந்திய வானிலைத் துறை முதலில் ஒரு தரைமட்டம் வைத்திருக்கிறது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30. இதைத் தொடாவிட்டால் பேச்சே இல்லை. தொட்டுவிட்டால் அடுத்த கேள்வி: அந்த ஊருக்கு அந்த நாளில் எது இயல்போ, அதைவிட எவ்வளவு கூடுதல்? 4.5 முதல் 6.4 வரை கூடினால் வெப்ப அலை, 6.4ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் மார்ச் மாத இயல்பு சுமார் 33, மே மாத இயல்பு சுமார் 37. மார்ச்சில் ஒரு நாள் 37.6 வருகிறது என்று வையுங்கள். தரைமட்டமான 37 தாண்டியாயிற்று, இயல்பைவிட 4.6 கூடுதல், ஆகவே தேறிவிட்டது. மே மாதத்தில் 41.2 வந்தால் கூடுதல் 4.2 தான், தேறவில்லை. உங்கள் அக்காவின் 41 இப்படித்தான் வெளியே நிற்கிறது.

தெம்பனிஸ்வாசி — மே 6, இரவு 11.20

அப்படியென்றால் அந்தச் சொல் வெப்பத்தைக் குறிக்கவே இல்லையே. 41இல் வாடுபவளுக்கு இல்லை, 37.6இல் இருப்பவளுக்கு உண்டா?

மழைமானி — மே 6, இரவு 11.31

பழக்கமில்லாத வெப்பத்தைக் குறிக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் உடம்பு இன்னும் மார்கழிப் பனியை மறக்கவில்லை. கத்திரி வெயிலில் ஊரே மோருக்கும் நிழலுக்கும் ஏற்கெனவே மாறியிருக்கும். அந்த நியாயம் பாதி சரி. மீதிப் பாதிக்கு என்னிடமும் பதில் இல்லை.

உலகம்சுற்றி — மே 7, காலை 7.45

இதற்கு உலகம் முழுவதும் ஒரே விதிதான். இயல்பைவிட 5 டிகிரி கூடுதலாகத் தொடர்ந்து ஐந்து நாள்களுக்கு மேல் இருந்தால் வெப்ப அலை. உலக வானிலை அமைப்பின் விதி. சிங்கப்பூரும் அதைத்தான் பின்பற்றுகிறது. கல்லூரியில் படித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மழைமானி — மே 7, காலை 9.10

பாதி சரி. அப்படி ஒரு வரையறை ஆய்வுக் கட்டுரைகளில் உலவியது உண்மை. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்கிறது. சிங்கப்பூர் உங்கள் விதியைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இங்கே பகல் உச்சம் பெரும்பாலும் 31க்கும் 34க்கும் நடுவில் ஆடுகிறது. மே மாதச் சராசரி உச்சம் 32ஐ ஒட்டியது. அதோடு 5ஐக் கூட்டினால் 37. இந்தத் தீவில் பதிவான அதிகபட்சமே 37.0 தான். 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவில் ஒரு முறை, 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் மறுமுறை. வரலாற்றின் உச்சத்தைத் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் தொட்டால்தான் உங்கள் விதியின்படி இங்கே வெப்ப அலை. கடல் நாலு பக்கமும் சூழ்ந்து, பிற்பகலில் இடிமழை வந்து கழுவும் ஊரில் நடக்கிற காரியமா?

டில்லியில் வறண்ட மேற்குக் காற்று வீசினால் ஒரே வாரத்தில் 38இலிருந்து 45க்கு ஏறும், மேகம் வந்தால் இறங்கும். அங்கே 4.5 என்பது ஆண்டுக்குச் சில நாள் வந்து போகும் விலகல். இங்கே அது அரிய சம்பவம். அதனால் சிங்கப்பூர் வானிலைத் துறை இயல்பைக் கேட்காமல் நேரடி எல்லை வைத்திருக்கிறது: மூன்று நாள் தொடர்ந்து பகல் உச்சம் 35 அல்லது அதற்கு மேல், அந்தக் காலம் முழுவதும் நாள் சராசரி 29 அல்லது அதற்கு மேல்.

ஆகவே கீழ்த்தளத்துப் பெரியவர்கள் முழுக்கத் தவறில்லை, அவசரப்படுகிறார்கள். ஒரு நாள் 35 போதாது.

உலகம்சுற்றி — மே 7, காலை 9.42

ஒத்துக்கொள்கிறேன், சிங்கப்பூர் பற்றிச் சொன்னது தவறு. ஆனால் 35 என்று வைத்த பிறகு 29 எதற்கு? 35 அடித்த நாளில் சராசரி தானாகவே 29 வராதா?

மழைமானி — மே 7, பிற்பகல் 3.25

வராது. மதியம் உட்கார்ந்து மணிவாரியாக ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் என் கற்பனை, ஆனால் இந்த ஊர்க் கோலத்தில்தான் போட்டிருக்கிறேன்.

இரண்டு நாள்கள். இரண்டிலும் விடியற்காலை 27ஐ ஒட்டி இருக்கிறது, இரண்டிலும் பிற்பகல் ஒரு மணிக்கு 35. முதல் நாளில் மூன்று மணிக்கு இடியோடு மழை பிடிக்கிறது. வெப்பநிலை அரை மணியில் 25க்கு விழுகிறது, இரவு முழுவதும் 26ஐத் தாண்டவில்லை. இருபத்து நான்கு மணி நேரச் சராசரி 28.0. இரண்டாம் நாளில் மழையே இல்லை. ஐந்து மணிக்கும் 33, இரவு பத்து மணிக்கும் 29க்கு மேல். சராசரி 30.4.

உச்சம் ஒன்றே. முதல் நாள் இரவில் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவீர்கள். இரண்டாம் நாள் சுவரைத் தொட்டால் சுடும். 29 என்ற எண் இந்த இரண்டையும் பிரிக்க வைத்தது. உச்சம் பகலைப் பார்க்கிறது, சராசரி இரவைப் பார்க்கிறது.

பாசிரிஸ் பாட்டி — மே 7, மாலை 6.02

பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். எனக்கு வெயிலைவிடக் குளிர்தான் ஆகாது. 2018 ஜனவரியில் நாள் கணக்கில் மழை பெய்ததே, அப்போது கம்பளியைத் தேடி எடுத்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. அது குளிர் அலைதானே? யாரும் அறிவிக்கவில்லை. வயதானவர்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

மழைமானி — மே 7, இரவு 8.40

அம்மா, முழங்கால் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது குளிர் அலை ஆகாது. வடகிழக்குப் பருவக்காற்று வேகமெடுத்துத் தென்சீனக் கடலைத் தாண்டி வந்தது, மேகம் வெயிலை மறைத்தது, மழை ஓயவில்லை. அப்போதும் 21, 22 டிகிரிதான். இந்தியக் கணக்கில் கடலோர ஊருக்குக் குளிர் அலை என்று சொல்லவே குறைந்தபட்சம் 15 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும், இயல்பைவிடவும் 4.5 குறைய வேண்டும். சிங்கப்பூரின் பழைய பதிவுகளிலேயே 19க்குக் கீழே கிடையாது.

இன்னொன்று. இந்த ஊரில் ஒரு நாளின் குறைந்தபட்சம் விடியற்காலையில்தான் வரும் என்று இல்லை. பிற்பகல் மழையிலும் வரும். குளிர் அலை விதிகள் எல்லாம் இரவில் தரை குளிர்ந்து விடியலில் அடிமட்டம் தொடும் ஊர்களை நினைத்து எழுதப்பட்டவை.

நீலகிரிமருமகன் — மே 7, இரவு 9.15

குளிரைப் பற்றிப் பேசினால் நான் வந்தாக வேண்டும். மாமியார் வீடு ஊட்டி. ஒரு ஜனவரியில் போயிருந்தபோது காலையில் புல் முழுக்க வெள்ளை, கார் கண்ணாடியில் உறைபனி, வாளித் தண்ணீரின் மேல் அப்பளம் போல ஏடு. வீட்டு ஓரமாகத் தரையில் வைத்த வெப்பமானியில் 0. அன்றைக்கும் குளிர் அலை அறிவிப்பு இல்லை. மலைக்கு எல்லை 0 என்று எங்கோ படித்தேன். பிறகு ஏன்?

மழைமானி — மே 7, இரவு 10.30

வெப்பமானியைத் தரையில் வைத்தீர்களே, அதுதான் விடை. வானிலைக் கூடத்தில் வெப்பமானி ஆள் மார்பு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருப்பதைவிட மூன்று நான்கு டிகிரி கீழே போய்விடும். புல்லில் 0 என்றால் பெட்டிக்குள் 3, 4 இருக்கும். உறைபனி உண்மை, 0 உண்மை. ஆனால் மலைக்கு வைத்த அந்த 0 பெட்டிக்குள் இருக்கும் 0. அதோடு இயல்பிலிருந்து 4.5 குறையவும் வேண்டும். ஊட்டியின் ஜனவரி இயல்பே ஒற்றை இலக்கம்தான்.

தேயிலைக்காரருக்கு உங்கள் தரை வெப்பமானிதான் பயன். கொழுந்து கருகுவது புல் உயரத்தில்.

மழைமானி — மே 8, காலை 6.50

இரவு தூக்கம் வரவில்லை, முதல் குறிப்பைத் திருத்த வேண்டும். "மார்ச் மாத இயல்பு 33" என்று மாதச் சராசரியை எடுத்துவிட்டேன். உண்மையில் இயல்பு நாளுக்கு நாள் மாறும். மார்ச் தொடக்கத்தில் 32ஐ ஒட்டியும், கடைசியில் 34ஐ ஒட்டியும் இருக்கும். ஆகவே அதே 37.6 மார்ச் 5இல் வந்தால் தேறும், மார்ச் 30இல் வந்தால் கூடுதல் நான்குகூட இராது, தேறாது.

அதோடு ஒரு நிலையம் தேறினால் போதாது. ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்கள், குறைந்தது இரண்டு நாள் தொடர்ந்து தேற வேண்டும், இரண்டாம் நாள்தான் அறிவிப்பு. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒரே உட்பிரிவு.

தெம்பனிஸ்வாசி — மே 8, காலை 8.05

இரண்டு நாள், இரண்டு நிலையம். ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?

மழைமானி — மே 8, முற்பகல் 11.48

கஞ்சத்தனம் இல்லை, என்னைப் போன்றவர்களுக்காக வைத்த காவல். சொல்கிறேன், வெட்கக்கேடுதான்.

அந்தக் காலத்து அதிகபட்ச வெப்பமானியில் பாதரசக் குமிழுக்கு மேலே கழுத்து ஓரிடத்தில் நெருக்கமாக இருக்கும். சூடு ஏறும்போது பாதரசம் அதைத் தாண்டி மேலே போகும், குளிரும்போது திரும்பி வராமல் உச்சத்திலேயே அறுந்து நிற்கும். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானி போலத்தான். வாசித்த பிறகு கையில் பிடித்து உதறி இறக்க வேண்டும்.

ஒரு மே மாதம். எங்கள் ஊர் இயல்பு 36.8. மேலைக்காற்று விடாப்பிடியாக வீசியதால் கடல் காற்று உள்ளே வர முடியவில்லை. வெப்பமானியில் 41.6. கூடுதல் 4.8, கடலோரத் தரைமட்டமும் தாண்டியாயிற்று. குறித்துவிட்டேன். உதற மறந்துவிட்டேன். வீட்டில் விருந்தாளி, அவசரம்.

மறுநாள் கடல் காற்று முன்மதியமே வந்துவிட்டது. தென்னை ஓலை ஆடியது, சட்டை ஒட்டவில்லை. வெப்பமானியைத் திறந்தால் 41.6. யோசிக்காமல் அதையே எழுதினேன். இரண்டு நாள் தொடர்ச்சி ஆகிவிட்டது. எங்கள் நிலையம் ஒன்றே போதும் என்றிருந்தால் இல்லாத வெப்ப அலை ஒன்று பதிவேட்டில் ஏறியிருக்கும்.

என் மேலதிகாரி பதிவேட்டைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "இரண்டு நாளும் தசமம்கூட மாறாமல் ஒன்றாக இருக்குமா தம்பி?" பிறகு உருளையில் சுற்றிய தாளில் பேனா கோடு போடும் வெப்பப் பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்தார். முதல் நாள் கோடு மலை போல ஏறியிருந்தது. இரண்டாம் நாள் 37ஐ ஒட்டிப் படுத்திருந்தது. சிவப்பு மையால் என் எண்ணை அடித்தார். உதறிய பிறகு அதிகபட்ச வெப்பமானி பக்கத்திலுள்ள சாதாரண வெப்பமானியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அன்றுமுதல் பெட்டியை மூடுவேன்.

உலகம்சுற்றி — மே 8, மதியம் 12.30

இப்போதெல்லாம் தானியங்கி நிலையங்கள். உதறவேண்டிய வேலை இல்லை, பிழையும் இல்லை. டில்லி முங்கேஷ்பூரில் 2024 மே 29 அன்று 52.9 பதிவானதே, அது மனிதர் வாசித்ததா?

மழைமானி — மே 8, மதியம் 1.15

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த 52.9ஐ ஆராய்ந்த இந்திய வானிலைத் துறை, உணரி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதாகச் சொன்னது. பக்கத்திலேயே சரியான கருவியை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் கவனியுங்கள், 3ஐக் கழித்தாலும் 49.9. வெப்ப அலை என்ற தீர்ப்பு மாறவில்லை. சாதனை என்ற பட்டம்தான் போயிற்று. ஏனென்றால் இந்தியக் கணக்கில் இன்னொரு வழியும் உண்டு, நான் சொல்ல விட்டுவிட்டேன்: 45ஐத் தொட்டால் இயல்பையே கேட்கமாட்டார்கள், வெப்ப அலைதான். 47 என்றால் கடும் வெப்ப அலை. ராஜஸ்தானின் மேற்கே மே மாத இயல்பே 42ஐ ஒட்டி இருக்கும் ஊர்கள் உண்டு. 4.5 கூட்டினால் 46.5. விலகலை மட்டும் நம்பினால் அங்கே 46இல் சாகிறவனுக்கு "இது உங்களுக்குப் பழக்கம்தான்" என்று சொல்வதாகிவிடும். அதற்காகத்தான் நிலையான எல்லை. குளிரிலும் அப்படியே. சமவெளியில் 4ஐத் தொட்டால் குளிர் அலை, 2 என்றால் கடும் குளிர் அலை. டில்லியின் ஜனவரி இயல்பு ஏழு சொச்சம், 4.5 கழித்தால் 3ஐ ஒட்டி இறங்கவேண்டும். 4 என்ற எல்லை அதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும்.

புதிதாக வைத்த தானியங்கி நிலையத்துக்கு இன்னொரு குறை. அதற்கென்று முப்பது ஆண்டு வரலாறு இல்லை. இயல்பு இல்லாத இடத்தில் விலகல் எங்கிருந்து வரும்?

கிராஞ்சி மேஸ்திரி — மே 8, இரவு 9.50

இயல்பு, விலகல் எல்லாம் படித்தேன். நான் கட்டுமானத் தளத்தில் இருப்பவன். எங்களுக்கு வெப்ப அலை அறிவித்தால் வேலையை நிறுத்துவார்களா? கருவியில் இன்று 32 காட்டியது, கைப்பேசியில் 33 காட்டியது. 32 எல்லாம் ஒரு வெயிலா என்று பையன்கள் சிரிக்கிறார்கள், ஆனால் அதற்கே பத்து நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள்.

மழைமானி — மே 8, இரவு 10.20

கேள்வி வேறு, ஆனால் இந்த இழையில் மிக அவசரமானது இதுதான். உங்கள் கருவியின் 32 காற்றின் வெப்பநிலை இல்லை. ஈரக்குமிழ் கோள வெப்பநிலை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்குப் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் நிற்கும் கறுப்புக் கோளத்துக்கு இரண்டு பங்கு, சாதாரணக் காற்றுக்கு ஒரு பங்கு. வியர்வை ஆவியாக முடியாத காற்றில் ஈரத்துணியும் குளிராது, அதனால் எண் ஏறும். இதில் 32 என்றால் கடுமை. மனிதவள அமைச்சின் 2023 விதிப்படி, கனமான உடல் உழைப்புக்கு 32இல் மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு, 33இல் பதினைந்து நிமிடம். வெப்ப அலை அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பையன்களிடம் சொல்லுங்கள், கைப்பேசியில் 33 என்பதும் கருவியில் 33 என்பதும் வேறு வேறு ஜாதி.

கருவியை எங்கே மாட்டியிருக்கிறார்கள்?

தெம்பனிஸ்வாசி — மே 9, காலை 7.30

எனக்கு இன்னும் 4.5இல்தான் சிக்கல். 4 இல்லை, 5 இல்லை, ஏன் 4.5? 6.4 என்ன கணக்கு?

மழைமானி — மே 9, காலை 8.15

பழைய விதியில் முழு எண்கள். இயல்பு 40 வரை உள்ள ஊரில் 5, 6 கூடினால் வெப்ப அலை, 7 கூடினால் கடும். அந்த 5ஐத் தசமத்தில் எழுதினால் 4.5இலிருந்து தொடங்கும், 6 என்பது 6.4இல் முடியும். முழுமையாக்கும் பழக்கத்தின் தழும்பு என்று நினைக்கிறேன். 4.4இல் உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் 4.5இல் ஆகிவிடும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. இயல்பு என்பது முப்பது ஆண்டுச் சராசரி. முன்பு 1981 முதல் 2010 வரை, இப்போது 1991 முதல் 2020 வரை. சூடான ஆண்டுகள் உள்ளே வந்ததும் இயல்பும் கொஞ்சம் ஏறிவிடுகிறது. 0.3 ஏறியது என்று வையுங்கள். நேற்றைய 4.6 இன்று 4.3. அதே வெயில், அதே நிலையம், வெப்ப அலைப் பட்டியலிலிருந்து வெளியே. சிங்கப்பூரின் 35க்கு இந்த நோய் இல்லை, ஆனால் எதிர்நோய் உண்டு: ஊர் சூடாக ஆக 35 அடிக்கடி வரும், ஒரு நாள் அந்த அறிவிப்பை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

உலகம்சுற்றி — மே 9, காலை 9.00

அப்படியானால் இயல்பை 1981–2010 என்று உறைய வைத்துவிடலாமே.

மழைமானி — மே 9, காலை 9.07

வைத்தால் ஊர் சூடாக ஆக அறிவிப்புகள் கூடிக்கொண்டே போகும். வைக்காவிட்டால் உண்மை நழுவும். எனக்கு முடிவு தெரியவில்லை.

உலகம்சுற்றி — மே 9, காலை 9.26

சிங்கப்பூர் விதியில் "காலம் முழுவதும் சராசரி 29" என்கிறீர்களே, மூன்று நாளையும் சேர்த்து ஒரே சராசரியா, ஒவ்வொரு நாளும் தனித்தனியாக 29ஆ? முதல் நாள் 28.8, மற்ற இரண்டும் 30 என்றால்?

மழைமானி — மே 9, காலை 9.40

நான் ஒவ்வொரு நாளும் என்று வாசிக்கிறேன். சொற்களைப் பார்த்தால் சேர்த்தும் வாசிக்கலாம். உங்கள் உதாரணத்தில் இரண்டு வாசிப்பும் எதிரெதிர் தீர்ப்புத் தரும். நல்ல கேள்வி, உங்களைக் கல்லூரியில் சும்மா உட்கார வைக்கவில்லை.

கிராஞ்சி மேஸ்திரி — மே 9, இரவு 8.35

கருவி எங்கே என்று கேட்டீர்களே அண்ணன். கொள்கலன் அலுவலகத்தின் பின்பக்கம், நிழலில் மாட்டியிருந்தார்கள். இன்று பையன்கள் கம்பி கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், வெயிலில் மூன்றுகாலி வைத்து நிறுத்தச் சொன்னேன். பின்பக்கத்தில் 31.6 இருந்தது. இங்கே கால் மணி நேரத்தில் 32.9.

மழைமானி — மே 9, இரவு 8.44

கறுப்புக் கோளம் நிழலில் இருந்தால் அந்த இரண்டு பங்கும் தூங்கிவிடும். இனி ஈரத்துணிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். துணி காய்ந்தால் எண் ஏறும், அது வேறு பொய்.

தெம்பனிஸ்வாசி — மே 10, இரவு 10.02

அக்கா பேசினாள். இன்று நுங்கம்பாக்கத்தில் 41.7, மீனம்பாக்கத்தில் 41.9 என்கிறாள். இயல்பு 37 என்றால் இரண்டு நிலையமும் தேறிவிட்டன. நாளைக்கும் இப்படியே இருந்தால் அறிவிப்பார்கள், இல்லையா?

மழைமானி — மே 10, இரவு 10.15

நாளை கடல் காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள். மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் வந்தால் வடாம் மட்டும் காயும்.